ராகு காலம், முகூர்த்தம், பஞ்சாங்கம்: கொடைக்கானல் மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானலிலும் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலும் கல்யாணம், புதுமனை புகுவிழா, காதுகுத்து, திதி என்று வீட்டுச் சடங்குகளை நடத்திவைக்கிறவன் நான். நாள் பார்க்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. அவர்களுக்கு நேரில் என்ன சொல்கிறேனோ அதையே இங்கே எழுதியிருக்கிறேன்.

நல்ல நேரம் பார்க்காமல் ஒரு காரியத்தை ஆரம்பித்தால் சாமி குத்தம் ஆகிவிடுமா?

ஆகாது. பஞ்சாங்கத்தில் அச்சாகியிருப்பது எல்லாமே ஒரே தரத்துச் சங்கதி இல்லை என்பதை முதலில் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

சில காரியங்களுக்கு நாள்தான் சடங்கே. அமாவாசைத் தர்ப்பணத்தை அமாவாசையில்தான் செய்ய முடியும். தைப்பூசம் என்பது தை மாதத்துப் பூச நட்சத்திரம். அப்பாவின் வருஷத் திதி அவர் இறந்த மாதத்தில், அதே பட்சத்தில், அதே திதியில் வர வேண்டும். இவற்றுக்குப் பஞ்சாங்கம் இல்லாமல் முடியாது. இங்கே மதம் நாளைக் கேட்கிறது, சந்தேகமே இல்லை.

அடுத்தது கல்யாணம், பூணூல், வீடு குடிபோவது மாதிரியானவை. இவற்றுக்கு நல்ல நாள் பார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் விட்டுக்கொடுக்க நிறைய இடம் வைத்துத்தான் சொல்கிறார்கள்.

மூன்றாவது, தினசரி வாழ்க்கை. வண்டி எடுப்பது, விண்ணப்பம் கொடுப்பது, விதைப்பூண்டு வாங்கக் கிளம்புவது, ஆஸ்பத்திரிக்குப் போவது. இதற்கெல்லாம் ராகு காலம் பார்ப்பது நம் பக்கத்து வழக்கம். வழக்கத்தை மதிக்கலாம், தப்பில்லை. அதை மதக் கட்டளை என்று சொல்வதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்படியானால் ராகு காலம் வேதத்தில் இல்லையா?

இல்லை. இருக்கவும் வழியில்லை. ராகு காலம் கிழமையை வைத்துக் கணக்கிடப்படுவது. வேதத்தில் திதி உண்டு, நட்சத்திரம் உண்டு, அயனம் உண்டு. ஞாயிறு, திங்கள் என்ற கிரகப் பெயர் கொண்ட ஏழு கிழமை கிடையாது. கிழமையோடு தேதி போட்ட கல்வெட்டுகளில் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது மத்தியப் பிரதேசத்தில் உள்ள ஏரண் கல்வெட்டு. குப்த அரசன் புதகுப்தன் காலத்தது, கி.பி. 484, வியாழக்கிழமை. கிழமை நம் வழக்கத்துக்கு வந்து, அதற்கும் பிறகு ஜோதிடத்தார் பகலைப் பங்கு போட்டுக் கொடுத்ததுதான் ராகு காலமும் எமகண்டமும் குளிகையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் வானத்தில் எதுவும் நடப்பதில்லை. சந்திரன் போகும் பாதை சூரியன் போகும் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகளில் ஒன்றைத்தான் ராகு என்கிறோம். கிரகணம் அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில்தான் வரும். ஆனால் வெள்ளிக்கிழமை ராகு காலம் தொடங்கும்போது அந்தப் புள்ளி உதிப்பதும் இல்லை, உச்சிக்கு வருவதும் இல்லை. பகலை எட்டாகப் பிரித்து, இன்ன கிழமையில் இன்ன பங்கு ராகுவுடையது என்று ஒதுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். திதி அப்படி இல்லை. சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவே ஒவ்வொரு 12 பாகை விலகலுக்கும் ஒரு திதி என்பது கணக்கு. அதை இங்கே மலையில் நூறு ஆண்டுக்கு மேலாகச் சூரியனைப் பார்த்துவரும் சூரிய ஆய்வகத்துக்காரர்களும் சரிபார்த்துச் சொல்லிவிடலாம்.

அந்த நேரம் முழுக்கக் கெட்டது என்றும் யாரும் சொல்லவில்லை. செவ்வாய், வெள்ளி ராகு காலத்தில்தான் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்குப் போட நம் பெண்கள் கோயிலுக்குப் போகிறார்கள்.

காலண்டரில் வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகு காலம் என்று இருக்கிறது. கொடைக்கானலுக்கும் அதேதானே?

அதே இல்லை. இந்த ஒரு பதிலைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ராகு காலம் பார்ப்பேன் என்று உறுதியாக இருப்பவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

விதி இதுதான். சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டுச் சம பங்காக்க வேண்டும். திங்களுக்கு இரண்டாவது பங்கு ராகு காலம், சனிக்கு மூன்றாவது, வெள்ளிக்கு நான்காவது, புதனுக்கு ஐந்தாவது, வியாழனுக்கு ஆறாவது, செவ்வாய்க்கு ஏழாவது, ஞாயிறுக்கு எட்டாவது. ‘திருவிழாச் சந்தடியில் வெளியில் புகுந்து விளையாடச் செல்வது ஞாயமா’ என்று பெரியவர்கள் மனப்பாடம் பண்ணவைத்தது இந்த வரிசையைத்தான். ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஒரு கிழமை.

காலண்டரில் இருப்பது, உதயம் காலை 6 மணி, அஸ்தமனம் மாலை 6 மணி என்று வைத்துக்கொண்டு போட்ட ஏட்டுக் கணக்கு. ஒரு பங்கு சரியாக ஒன்றரை மணி நேரம். நம் கடிகாரமோ கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை வைத்து ஓடுகிறது. கொடைக்கானல் ஏறக்குறைய 77½ பாகையில் இருக்கிறது. பாகைக்கு நாலு நிமிடம் என்றால், நமக்கு உச்சிப்பொழுது சராசரியாகவே 12.20-க்குத்தான். ஜனவரி, பிப்ரவரியில் சூரியன் கடிகாரத்துக்கு இன்னும் பத்துப் பதினாலு நிமிடம் பிந்தும்.

ஒரு குடும்பத்துக் கதையைச் சொன்னால் விளங்கும். வில்பட்டிப் பக்கம் புது வீடு கட்டியவர்கள், ஜனவரிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை குடிபோவதாக முடிவு செய்திருந்தார்கள். திதியும் நட்சத்திரமும் சரியாக இருந்தன. சொந்தக்காரர்கள் வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வர வேண்டும், காலை பதினொன்றுக்குள் எல்லாரும் வந்துவிடுவார்கள். ஆனாலும் ராகு காலம் முடியட்டும் என்று காத்திருந்து, 12.05-க்கு வாசல்படி தாண்டுவதாகக் குறித்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

அந்த வாரத்தில் கொடைக்கானலில் சூரிய உதயம் காலை 6.43, அஸ்தமனம் மாலை 6.23. பகல் 11 மணி 40 நிமிடம், அதாவது 700 நிமிடம். எட்டால் வகுத்தால் ஒரு பங்கு 87½ நிமிடம். வெள்ளிக்கு நான்காவது பங்கு, ஆகவே முதல் மூன்று பங்கைக் கழிக்க வேண்டும். 262½ நிமிடம், நாலே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 6.43-உடன் கூட்டினால் 11.05. அங்கே ராகு காலம் தொடங்கி 12.33-க்கு முடிகிறது.

அவர்கள் ஒதுக்கிவைத்த 10.30 முதல் 11.05 வரை ராகு காலமே இல்லை. ராகு காலம் கழிந்தது என்று நினைத்துக் குறித்த 12.05 நேராக ராகு காலத்துக்குள் விழுகிறது. இதைச் சீட்டில் கணக்குப் போட்டுக் காட்டியதும் வீட்டுப் பெரியவர், “அப்ப இத்தனை வருஷமா நாங்க தவிர்த்தது எதை?” என்று கேட்டார். சிரிக்கவேண்டிய கேள்வி இல்லை அது. ஆகவே நேரத்தை முன்னுக்கு இழுத்தோம். சொந்தங்களை அதிகாலையிலேயே கிளம்பச் சொல்லி, 10.15-க்குப் பூஜையைத் தொடங்கி, பதினொன்றுக்கு முன்னால் பால் காய்ச்சி முடித்தார்கள்.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு சுலபமான சோதனையும் உண்டு. நான்கு பங்கு முடியும் இடம் நடுப்பகல். அதனால் வெள்ளி ராகு காலம் எந்த ஊரிலும் உச்சிப்பொழுதில்தான் முடியும், புதன் ராகு காலம் அங்கேதான் தொடங்கும். முற்றத்தில் ஒரு கம்பை நேராக நட்டு, அதன் நிழல் எப்போது மிகக் குட்டையாகிறது என்று பாருங்கள். மணி பன்னிரண்டு அடிக்கும்போது நிழல் இன்னும் குறுகிக்கொண்டிருந்தால் வெள்ளி ராகு காலம் முடியவில்லை.

கோடையில் வித்தியாசம் குறையும். மே மாதக் கடைசியில் இங்கே உதயம் ஆறு மணிக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். ஆனால் அப்போது பகல் நீளமாக இருப்பதால் மாலைப் பங்குகள் காலண்டர் நேரத்தைத் தாண்டிப் போகும். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் ஆறு மணிக்கு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், அஸ்தமனம் வரை அது உண்டு.

பூம்பாறை பள்ளத்தில் எங்களுக்குச் சூரியன் தெரியவே ஏழரை மணி ஆகும். அதையா உதயம் என்று எடுத்துக்கொள்வது?

வேண்டாம். பஞ்சாங்க உதயம் என்பது சமதளத் தொடுவானத்தில் சூரியன் எழும் நேரம். மலை மறைப்பதும் பனி மூட்டமும் கணக்கில் வராது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கிழக்கே கீழ்நாடு தெரிகிற மலை விளிம்பில் நின்றால், இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் தொடுவானம் தாழ்ந்து தெரிவதால் சூரியன் ஐந்து நிமிடம் போல முன்னதாகவே எட்டிப்பார்க்கும். அதையும் எடுத்துக்கொள்வதில்லை. ஊரின் பெயரைப் போட்டால் உதய நேரம் காட்டும் செல்போன் செயலியே இதற்குப் போதும்.

சென்னைப் பஞ்சாங்கத்தில் திதி முடியும் நேரத்தையும் இதே மாதிரி நம் ஊருக்கு மாற்ற வேண்டுமா?

கூடாது. திதி, நட்சத்திரம், யோகம், கரணம் நான்கும் சூரிய சந்திரர்களின் நிலையை வைத்து மாறுகிறவை. தசமி முடிகிற அந்த நொடி சென்னைக்கும் கொடைக்கானலுக்கும் ஒன்றே. மணிக்கணக்கில் போட்டிருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உதயத்தை ஒட்டி நிற்பவை வேறு: ராகு காலம், எமகண்டம், குளிகை, கௌரி நல்ல நேரம். இவற்றையும் லக்னத்தையும்தான் ஊருக்கு ஊர் மாற்ற வேண்டும்.

பிசகு வருவது நாழிகையில். பழைய பாணிப் பஞ்சாங்கத்தில் திதி 15 நாழிகை என்று மட்டும் இருக்கும். உதயத்திலிருந்து 15 நாழிகை என்பது பொருள். நாழிகைக்கு 24 நிமிடம், ஆக ஆறு மணி நேரம். இதைப் பலர் காலை ஆறு மணியோடு கூட்டி, பன்னிரண்டுக்குத் திதி முடிந்தது என்கிறார்கள். சென்னை உதயத்தை வைத்துக் கணித்த பஞ்சாங்கமானால், ஜனவரிக் கடைசியில் சென்னை உதயம் 6.36, எனவே திதி முடிவது 12.36. அதற்காகக் கொடைக்கானல் உதயமான 6.43-உடன் கூட்டினாலும் தப்பு. எந்த ஊர் உதயத்திலிருந்து எண்ணினார்களோ அந்த ஊர் உதயத்தோடுதான் கூட்ட வேண்டும். எந்த ஊர் என்பது பஞ்சாங்கத்தின் முன்பக்கங்களில் இருக்கும்.

அப்பாவின் திதிக்கு வாக்கியத்தில் புதன் என்கிறது, திருக்கணிதத்தில் வியாழன் என்கிறது. எதில் கொடுப்பது?

உங்கள் வீட்டில் இதுவரை எதைப் பார்த்தார்களோ அதில். ஒரு வருஷம் இது, மறு வருஷம் அது என்று வசதிக்கு மாற்ற வேண்டாம்.

ஏன் மாறுகிறது என்றால், வாக்கியம் பழைய ரிஷி வாக்கியங்களின்படி சந்திரனின் இடத்தைச் சொல்கிறது. திருக்கணிதம் இன்றைய வான நோக்கோடு ஒத்துப்போகும்படி திருத்திய கணக்கு. 1952-ல் மேக்நாத் சாஹா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்குப் பிறகு மத்திய அரசு வெளியிடும் ராஷ்டிரிய பஞ்சாங்கமும் இந்த வழியில்தான் போகிறது. திதி முடியும் நேரத்தில் இரண்டுக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரலாம். வானத்தைக் கேட்டால் திருக்கணிதம்தான் சரி. வீட்டு மரபைக் கேட்டால் பல குடும்பங்களுக்கு வாக்கியம். நான் யாரையும் மாற்றச் சொல்வதில்லை.

நாள் எப்படிப் பிரிகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. சிராத்தத்துக்குப் பகலை ஐந்தாகப் பிரித்து, நான்காவது பங்கான அபராஹ்ணத்தில் அந்தத் திதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மேலே சொன்ன 700 நிமிடப் பகலில் அது பிற்பகல் 1.43 முதல் 4.03 வரை. வாக்கியப்படி தசமி புதன் பிற்பகல் 2.30-க்குத் தொடங்கி வியாழன் 1.20-க்கு முடிகிறது என்று வையுங்கள். புதன் அபராஹ்ணத்தில்தான் தசமி இருக்கிறது, எனவே புதன். திருக்கணிதத்தில் அதே தசமி புதன் 4.30-க்குத் தொடங்கி வியாழன் 3.15-க்கு முடிந்தால், வியாழன் அபராஹ்ணம்தான் கிடைக்கும். இரண்டு மணி நேர வித்தியாசம் ஒரு முழு நாளாகிவிடுகிறது. இரண்டு புரோகிதர் இரண்டு நாள் சொன்னால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை.

கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்க்கச் சொல்லி சாஸ்திரமே சொல்கிறதே?

சொல்கிறது. எவ்வளவு சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஆச்வலாயன கிருஹ்ய சூத்திரம், உத்தராயணத்தில், வளர்பிறையில், நல்ல நட்சத்திரத்தில் கல்யாணம் செய் என்கிறது. அடுத்த சூத்திரத்திலேயே, கல்யாணத்துக்கு எல்லாக் காலமும் ஆகும் என்று சிலர் சொல்கிறார்கள் என்றும் சேர்த்துவிடுகிறது. மூன்றே மூன்று விஷயம், அதற்கும் மாற்றுக் கருத்து. இன்று நாம் பார்க்கும் ராகு காலம், கரிநாள், சந்திராஷ்டமம் எதுவும் அந்த இடத்தில் இல்லை.

தமிழ் மரபிலும் நல்ல நாள் உண்டு. அகநானூற்றின் 86-ஆம், 136-ஆம் பாட்டுகளில் வரும் கல்யாணங்கள் சந்திரன் ரோகிணியோடு சேர்ந்த நல்ல நாளில் நடக்கின்றன. கோவலன் கண்ணகி கல்யாணமும் அதே ரோகிணியில்தான். அந்தக் கல்யாணம் எப்படி முடிந்தது என்று உங்களுக்குத் தெரியும். நாள் பார்த்தது தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. நல்ல நாள் என்பது ஊரும் உறவும் கூடி மங்கலமாகத் தொடங்குவதற்கான ஏற்பாடு. அதற்குப் பிறகு அந்த இருவரும் எப்படி வாழ்வார்கள் என்பதற்கு அது உத்தரவாதம் தரவில்லை, தருவதாக எந்தச் சூத்திரமும் சொல்லவில்லை. பொருத்தமும் முகூர்த்தமும் பார்த்த அளவுக்குப் பையனின் குடிப் பழக்கத்தை விசாரிக்காத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதுதான் எனக்கு ஆத்திரம் வருகிற இடம்.

ராகு, எமகண்டம், குளிகை, கரிநாள், மரண யோகம், சந்திராஷ்டமம் எல்லாம் கழித்தால் நேரமே மிஞ்சவில்லை. என்ன செய்வது?

எல்லாத் தோஷமும் இல்லாத நேரம் கிடைக்காது. முகூர்த்தம் பார்ப்பதில் பழைய நெறியே, குணம் மிகுந்து தோஷம் குறைந்ததை எடு என்பதுதான். நான் முதலில் திதி, நட்சத்திரம் பார்ப்பேன், அப்புறம் லக்னம், அதற்குப் பிறகு ராகுவும் எமகண்டமும். குளிகையை நல்ல காரியத்துக்கு நான் ஒதுக்குவதே இல்லை. அதில் செய்வது திரும்ப நடக்கும் என்பது நம்பிக்கை, ஆகவே நகை வாங்கலாம், கடன் மட்டும் வாங்க வேண்டாம் என்பார்கள். சந்திராஷ்டமம் மாதத்துக்கு இரண்டே கால் நாள் எல்லாருக்கும் வரும். மாப்பிள்ளை, பெண் இருவருக்கும் பாருங்கள், போதும். அத்தை, மாமா, பெரியப்பா என்று வீடு முழுக்கப் பார்த்தால் ஒரு நாளும் தேறாது.

எங்களுக்குக் குழந்தை வேலப்பர் துணை. அவர் இருக்கும்போது நாளும் கோளும் எதற்கு என்கிறார் என் மாமியார். சரியா?

அவர் சொல்வதற்குப் பெரிய பக்கபலம் இருக்கிறது. ‘நாள் என் செயும், வினைதான் என் செயும், எனை நாடி வந்த கோள் என் செயும்’ என்று அருணகிரிநாதர் கந்தர் அலங்காரத்தில் முருகனைப் பார்த்துத்தான் பாடுகிறார். அதற்கும் பல நூற்றாண்டு முன்னால், ஞானசம்பந்தர் மதுரைக்குக் கிளம்பும்போது கிரக நிலை சரியில்லை என்று அப்பர் தடுத்தார். அதற்குப் பதிலாகப் பாடியதுதான் கோளறு பதிகம். ஞாயிறு, திங்கள் தொடங்கிப் பாம்பு இரண்டும், அதாவது ராகுவும் கேதுவும், அடியவர்க்கு மிக நல்லவையே என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். சொன்னவர் சைவத்தின் முதல் குரவர், நின்று தடுத்தவர் அடுத்த குரவர். இதைவிட நேரான பதில் வேறு எங்கே தேடுவது? நாள் பார்க்காத பக்தரை மதத்துக்கு விரோதி என்று யாராவது சொன்னால், இந்தப் பதிகத்தை அவரிடம் கொடுங்கள்.

மாமியார் அப்படி நினைப்பதும், நீங்கள் நாள் பார்ப்பதும் ஒரே வீட்டில் இருக்கலாம். அவர் மேல் உங்கள் பயத்தைத் திணிக்காதீர்கள், நாளைப் பார்க்கிறீர்கள் என்று அவரும் உங்களைக் குறைவாகப் பேச வேண்டாம்.

மகளுக்கு சிசேரியன் என்று சொல்லிவிட்டார்கள். நல்ல நட்சத்திரத்தில், நல்ல லக்னத்தில் நேரம் குறித்துத் தருவீர்களா?

டாக்டர் சொன்ன நாளை மாற்றுகிற மாதிரி ஒரு எழுத்துகூட எழுதித் தர மாட்டேன். காரணமில்லாமல் 39 வாரத்துக்கு முன்னால் எடுத்த குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் அபாயம் கூடுதல். நல்ல நட்சத்திரம் 37-ஆம் வாரத்தில் வருகிறது என்று முன்னால் இழுப்பதும், அவசரம் என்று டாக்டர் சொன்ன பிறகு ராகு காலம் முடியட்டும் என்று நிறுத்துவதும் பாவம். இந்த மலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவே கொண்டை ஊசி வளைவுகளில் மணிக்கணக்கில் இறங்க வேண்டும். அந்த நேரத்தோடு இன்னும் ஒரு மணியைச் சேர்க்காதீர்கள்.

சாஸ்திரத்திலும் இதற்கு இடமில்லை. பிறப்பு, நோய், சாவு ஆகியவை நிமித்தம் வந்தபோது நடப்பவை. குழந்தை பிறந்ததும் செய்யும் ஜாதகர்மத்துக்குப் பிறந்த நேரம்தான் நேரம். குழந்தை எப்போது பிறக்கிறதோ அதை வைத்து ஜாதகம் எழுதுவது ஜோதிடன் வேலை. ஜாதகத்தை முதலில் எழுதிவிட்டு அதற்குள் குழந்தையை வரவழைப்பது யாருடைய வேலையும் இல்லை. டாக்டரே, இந்த வாரத்தில் எந்த நாளும் சரி என்று சொன்னால் மட்டும், அந்த நாட்களுக்குள் எது உங்களுக்குப் பிடித்ததோ அதைச் சொல்லுங்கள்.

மருமகளாக வரப்போகிற பெண் கிறிஸ்தவப் பெண். அவர்கள் நாளே பார்ப்பதில்லை. அது பரவாயில்லையா?

பரவாயில்லை. அவர்கள் சபையின் போதனையே ஜாதகம், நிமித்தம் பார்க்க வேண்டாம் என்பதுதான். தவக்காலத்தில் மட்டும் பொதுவாகக் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முஸ்லிம் குடும்பமானாலும் இதே மாதிரிதான். சகுனம் இல்லை, சஃபர் மாதத்துக்குத் தீட்டு இல்லை என்று நபிமொழியே இருக்கிறது. இங்கேயே சில கிறிஸ்தவ வீடுகளில் ராகு காலம் பார்த்துப் பால் காய்ச்சுகிறார்கள். அது ஊர் வழக்கம், அவர்கள் மதத்தில் வந்தது இல்லை. உங்கள் பக்கத்துச் சடங்குக்கு நீங்கள் நாள் பாருங்கள், சர்ச் நாளை அவர்கள் விருப்பத்துக்கு விடுங்கள். அந்த நாளையும் ஜோதிடரிடம் காட்டி மாற்றச் சொல்வது சம்பந்தத்தைக் கசப்பாக்கும்.

மலைப்பாதையில் மண் சரிந்து, மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர்வதற்குள் முகூர்த்தம் போய்விட்டால்?

மழைக்காலத்தில் இது நடக்கக்கூடியதுதான். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் மலையில் கல்யாணம் வைப்பவர்களுக்கு, 9 முதல் 10.30 என்று ஒரே முகூர்த்தம் எழுதாமல், அன்றைக்கே இரண்டாவதாக ஒரு லக்னத்தையும் சேர்த்து எழுதித் தருகிறேன். இரண்டுக்கும் நடுவே ராகு காலம் எங்கே விழுகிறது என்று நம் ஊர் உதயத்தை வைத்துக் குறித்துவிடுவேன். மாப்பிள்ளை வீட்டாரை முதல் நாள் இரவே மேலே வந்து தங்கச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் நல்லது.

அதையும் மீறித் தவறிவிட்டால் கல்யாணம் நிற்காது. திதியும் நட்சத்திரமும் அன்றைக்குள் இருக்கும்வரை அடுத்த லக்னத்தில் தாலி கட்டலாம். அதுவும் முடியாவிட்டால், வந்து சேர்ந்த நேரத்தில் பிள்ளையார் பூஜை பண்ணி ஆரம்பித்துவிடலாம். சங்கல்பத்தில் புரோகிதர் சொல்லும் ‘ததேவ லக்னம் சுதினம் ததேவ, தாராபலம் சந்த்ரபலம் ததேவ’ என்ற சுலோகத்தைக் கவனித்திருப்பீர்கள். லட்சுமிபதியின் திருவடியை நினைக்கிற அதுவே நல்ல லக்னம், அதுவே நல்ல நாள், அதுவே நட்சத்திர பலமும் சந்திர பலமும் என்று அதற்குப் பொருள். தனியாகப் பரிகாரம், ஹோமம், தங்கக் காசு என்று யாராவது அன்றைக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தாலி கட்டி முடிந்ததும் வந்தவர்களைப் பந்திக்கு அனுப்புங்கள், மலையேறி வந்து பசியோடு இருப்பார்கள்.